மனைவி பெயரில், குழந்தை பெயரில் டெபாசிட்: வட்டிக்கு வரி யார் தலையில்?

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் "12 லட்சம் வரை வருமான வரி இல்லை" என்ற அறிவிப்பு வந்தபின் நீலகிரியில் சம்பளக்காரர்கள் பலருக்கும் ஒரே யோசனை எழுந்தது. கணவருக்கு ஒரு 12 லட்சம், மனைவிக்குத் தனியாக இன்னொரு 12 லட்சம். அப்படியானால் கையில் இருக்கும் சேமிப்பை மனைவி பெயருக்கு மாற்றி டெபாசிட் போட்டால் வட்டிக்கு வரியே வராதே?

பணத்தை மாற்றுவதற்கு எந்தத் தடையும் இல்லை. கணவன் மனைவிக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வரி கிடையாது. எவ்வளவு கொடுத்தாலும் கிடையாது. சிக்கல் அந்தப் பணம் ஈட்டும் வட்டியில்தான் இருக்கிறது. டெபாசிட் ரசீதில் மனைவி பெயர் இருந்தாலும், அந்த வட்டியைக் கணவரின் வருமானத்தோடு சேர்த்துத்தான் வரி கணக்கிட வேண்டும் என்கிறது சட்டம். இதைத்தான் கிளப்பிங் என்கிறார்கள். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64ஆவது பிரிவு இதற்கானது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே விதி 99ஆவது பிரிவாக இருக்கிறது. எண் மாறியதே தவிர விதியின் சாரம் மாறவில்லை. இந்தக் கட்டுரையின் கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை. ஆகவே பழைய சட்டத்தின் பிரிவு எண்களும் படிவப் பெயர்களுமே இங்கே வரும்.

விதி என்ன சொல்கிறது

துணைக்கும் குழந்தைக்கும் விதி ஒன்றல்ல. பலர் குழம்புவது இங்கேதான்.

1. கணவன் அல்லது மனைவிக்குக் கொடுத்த பணம்: கொடுத்தவர் யாரோ அவர் வருமானத்தில் சேரும். யாருக்குச் சம்பளம் அதிகம் என்ற கேள்வியே இல்லை. மனைவி கொடுத்துக் கணவர் பெயரில் டெபாசிட் இருந்தால், வட்டி மனைவியின் கணக்கில் சேரும். உரிய விலை வாங்கிக்கொண்டு மாற்றியிருந்தாலோ, பிரிந்து வாழும் உடன்படிக்கையின்படி கொடுத்திருந்தாலோ மட்டும் விதி பொருந்தாது. அன்பும் பாசமும் சட்டத்தின் கண்ணில் "உரிய விலை" ஆகாது.

2. 18 வயது நிறையாத குழந்தை: இங்கே பணம் யார் கொடுத்தது என்பதே பொருட்டல்ல. தாத்தா கொடுத்தாலும் மாமன் சீராகக் கொடுத்தாலும், குழந்தையின் வருமானம் முழுவதும் பெற்றோரில் எவருக்கு வருமானம் அதிகமோ அவரோடு சேரும். குழந்தையின் வருமானத்தை விட்டுவிட்டு இருவரின் வருமானத்தையும் ஒப்பிட வேண்டும். ஒரு முறை ஒருவர் கணக்கில் சேர்த்துவிட்டால், அடுத்த ஆண்டு வசதிக்காக மற்றவர் கணக்குக்கு மாற்றிக்கொள்ள முடியாது; அதிகாரி விசாரித்துத் தேவை என்று கருதினால்தான் மாறும். பெற்றோர் மணமுறிவு பெற்றிருந்தால் குழந்தையை வளர்ப்பவர் கணக்கில் சேரும்.

3. மருமகள்: மாமனாரோ மாமியாரோ மகனின் மனைவிக்குக் கொடுத்த பணத்தின் வருமானமும் கொடுத்தவருக்கே சேரும். 18 வயது முடிந்த மகனுக்கோ மகளுக்கோ, தாய் தந்தைக்கோ கொடுத்தால் சேராது.

பணம் உருமாறினாலும் விதி பின்தொடரும். ரொக்கமாகக் கொடுத்து, மனைவி அதில் பங்கு வாங்கினாலும் டெபாசிட் போட்டாலும், அவற்றின் வருமானம் கணவருக்கே சேரும் என்று மோகினி தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972இல் சொல்லிவிட்டது. அந்தப் பங்கை மனைவி விற்று லாபம் பார்த்தால் அந்த மூலதன ஆதாயமும் சேரும். நஷ்டம் வந்தாலும் அதே விதிதான்; நஷ்டமும் கணவர் கணக்குக்கே போகும்.

கூட்டு டெபாசிட்டில் முதல் பெயர் யாருடையது என்பதை வைத்து முடிவு செய்வதும் தவறு. வங்கிக்கு முதல் பெயர் முக்கியம். வரிக்கணக்கில் முக்கியம் பணம் யாருடையது என்பது.

கோத்தகிரி ஆசிரியர் ஒருவரின் கணக்கு

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் கோத்தகிரியில் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். 2025-26இல் சம்பளம் 12,50,000 ரூபாய். புதிய வரி முறையில் இருக்கிறார். நிலையான கழிவு 75,000 போக வரிக்குரிய வருமானம் 11,75,000. விகிதப்படி வரி 57,500 வரும். ஆனால் 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடியில் அது முழுவதும் கழிந்துவிடும். கட்ட வேண்டியது பூஜ்யம். அலுவலகத்திலும் வரி பிடிக்கவில்லை.

ஆயுள் காப்பீட்டு முதிர்வில் வந்த 10 லட்சத்தை 2025 ஏப்ரல் தொடக்கத்தில் மனைவியின் கணக்குக்கு மாற்றுகிறார். மனைவி அதை 7 சதவீத வட்டிக்கு டெபாசிட் போடுகிறார். காலாண்டுக் கூட்டுவட்டியை விட்டுவிட்டுச் சுலபமாகப் பார்த்தால் ஆண்டுக்கு 70,000 ரூபாய் வட்டி. மனைவிக்கு வேறு வருமானம் இல்லை. "அவளுக்கு 70,000தான், வரம்பு 4 லட்சம்" என்று குடும்பம் நிம்மதியாக இருக்கிறது.

சட்டப்படி அந்த 70,000 ஆசிரியரின் வருமானத்தில் சேர வேண்டும். அப்போது அவர் வருமானம் 12,45,000 ஆகிறது.

- 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம்: 20,000
- 8 முதல் 12 லட்சம் வரை 10 சதவீதம்: 40,000
- மீதி 45,000க்கு 15 சதவீதம்: 6,750
- மொத்தம்: 66,750

12 லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடி போய்விட்டது. விளிம்பு நிவாரணம் என்று ஒன்று இருக்கிறது: 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு தாண்டினாரோ அதற்கு மேல் வரி போகக் கூடாது. அதனால் வரி 45,000இல் நிற்கும். 4 சதவீத செஸ் 1,800 சேர்த்தால் 46,800.

70,000 வட்டிக்கு 46,800 வரி. கிளப்பிங் என்றால் "என் விகிதத்தில் வரி, 15 சதவீதம் இருக்கும்" என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். 12 லட்சத்தை ஒட்டி இருப்பவருக்குக் கணக்கு அப்படி நடக்காது. வட்டிக்கான வரியோடு, சம்பளத்துக்குக் கிடைத்த தள்ளுபடியும் சேர்ந்து போகிறது. விளிம்பு நிவாரணம் ஏறத்தாழ 12,70,500 வரைதான் கைகொடுக்கும். அதற்கு மேல் விகிதப்படியான முழு வரி.

இந்தக் குடும்பத்தில் 12 வயது மகள் ஒருத்தி. தாத்தா அவள் பெயரில் போட்ட 3 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 21,000. தாய்க்குச் சொந்த வருமானம் இல்லாததால் அதுவும் ஆசிரியருக்கே சேரும். வருமானம் 12,66,000. விகிதப்படி வரி 69,900, விளிம்பு நிவாரணத்தில் 66,000, செஸ்ஸோடு 68,640. குழந்தையின் 21,000 வட்டியால் கூடுதலாக வந்த வரி 21,840. வட்டியைவிட வரி அதிகம்! இது கணக்குப் பிழை அல்ல. நிவாரணம் செஸ்ஸுக்கு முன்பே கணக்கிடப்படுவதால், அந்தக் குறுகிய இடைவெளியில் வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 1 ரூபாய் 4 பைசா போகிறது.

குழந்தைக்கு 1,500 ரூபாய் விலக்கு உண்டே என்று கேட்பார்கள். 10(32) பிரிவின் கீழ் குழந்தை ஒன்றுக்கு 1,500 விலக்கு இருப்பது உண்மை. ஆனால் புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கு அது கிடையாது. பழைய முறையில் இருப்பவருக்குத்தான்.

இதே ஆசிரியர் மனைவிக்கு மூன்றரை லட்சம் மட்டும் கொடுத்திருந்து, மகள் பெயரில் டெபாசிட்டும் இல்லாதிருந்தால், வட்டி 24,500. சேர்த்தாலும் 11,99,500, வரி பூஜ்யம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, கொடுப்பவரின் வருமானத்துக்கும் 12 லட்சத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதை.

வட்டிக்கு வட்டி யாருக்கு?

இந்த இடத்தில் துணைக்கும் குழந்தைக்கும் வழி பிரிகிறது.

மனைவிக்குக் கொடுத்த பணத்தின் வருமானம்தான் கணவருக்குச் சேரும். அந்த வருமானத்தை மனைவி மறுபடி முதலீடு செய்து ஈட்டுவது மனைவியுடையது. நம் கணக்கில் முதல் ஆண்டு வட்டியில் வங்கி வரியாகப் பிடித்த 7,000 போக 63,000 மனைவி கைக்கு வருகிறது. அதை வேறொரு டெபாசிட்டாக 7 சதவீதத்துக்குப் போட்டால் கிடைக்கும் 4,410 அவர் வருமானம். கணவர் கணக்குக்குப் போகாது. மூல 10 லட்சத்தின் வட்டி மட்டும் ஆண்டுதோறும் கணவருக்கே சேர்ந்துகொண்டிருக்கும்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. குழப்பம் டெபாசிட் வகையில் வருகிறது. வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே போகும் வகையில் போட்டால், வங்கி தரும் வட்டிச் சான்றிதழில் ஒரே ஒரு தொகைதான் இருக்கும். அதில் எது பத்து லட்சத்தின் வட்டி, எது வட்டியின் வட்டி என்று ஐந்தாவது ஆண்டில் பிரித்துக் காட்ட உட்கார்ந்தால் தலை சுற்றும். முடியாத காரியம் அல்ல, ஆனால் ஆண்டுவாரியாக அட்டவணை போட்டு வைத்திருக்க வேண்டும். அதைவிட, வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியே எடுக்கும் டெபாசிட்டாகப் போட்டு, அந்த வட்டி மனைவியின் தனிச் சேமிப்புக் கணக்கில் விழும்படி செய்து, அங்கிருந்து புதிய டெபாசிட் போடுவது எளிது. வங்கிப் புத்தகமே சாட்சி சொல்லும்.

குழந்தைக்கு இந்தச் சலுகை இல்லை. குழந்தையின் எல்லா வருமானமும் சேரும் என்பதால் வட்டியின் வட்டியும் சேரும். 18 வயது நிறையும் நாள் வரை விளைந்த வட்டி பெற்றோருக்கு. அதன்பின் விளைவது பிள்ளைக்கு. அந்த ஒரு ஆண்டில் மட்டும் கணக்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

குழந்தை தன் உழைப்பாலோ திறமையாலோ சம்பாதித்தது பெற்றோருக்குச் சேராது. மேடைக் கச்சேரியில் பாடி வாங்கிய சன்மானம் குழந்தையின் சொந்த வருமானம். ஆனால் அந்தச் சன்மானத்தை டெபாசிட் போட்டால் வரும் வட்டி சேரும். வட்டிக்குப் பாட்டுத் திறமை காரணம் அல்லவே. 80யு பிரிவில் வரும் மாற்றுத்திறனாளிக் குழந்தையின் வருமானம் எதுவும் சேராது.

15ஜி: அதிகம் பேர் விழும் குழி

2025 ஏப்ரல் முதல் 60 வயதுக்குட்பட்டவருக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000ஐத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். நம் கணக்கில் மனைவியின் 70,000க்கு 7,000. அதைத் தவிர்க்க வங்கியிலேயே "15ஜி எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். பெண்கள் பலரும் கையெழுத்திட்டுத் தந்துவிடுகிறார்கள்.

15ஜி படிவத்தின் உறுதிமொழியை ஒரு முறை முழுதாகப் படித்தால் போதும். இந்த வருமானம் 60 முதல் 64 வரையிலான பிரிவுகளின்படி வேறு எவருடைய வருமானத்திலும் சேராது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கணவர் கொடுத்த பணத்தின் வட்டிக்கு அந்தப் படிவத்தில் கையெழுத்திடுவது பொய் உறுதிமொழி. பொய் உறுதிமொழிக்கு 277ஆவது பிரிவில் சிறைத் தண்டனைக்கே இடமிருக்கிறது. ஊர்ப்புறத்தில் யாரும் அந்த அளவுக்குப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் இது நடக்கிறது. அது நல்ல தைரியம் அல்ல.

துறைக்கு இது எப்படித் தெரிகிறது? ஒரு நிதியாண்டில் ஒருவர் பெயரில் 10 லட்சமோ அதற்கு மேலோ டெபாசிட் ஆனால் வங்கி அதைத் துறைக்கு அறிக்கையாக அனுப்ப வேண்டும். வட்டியும் மனைவியின் பான் எண்ணில் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஏறிவிடும். வருமானமே காட்டாத ஒருவர் பெயரில் 10 லட்சம் டெபாசிட் என்றால் "பணம் எங்கிருந்து வந்தது" என்று கேட்டு மின்னஞ்சல் வரும். "கணவர் கொடுத்தார்" என்பதே உண்மையான பதில். அந்தப் பதிலைக் கொடுத்த நொடியில் அடுத்த கேள்வி கணவருக்குப் போகும்.

கணவரின் ஏஐஎஸ்ஸில் இந்த வட்டி இராது என்பதையும் கவனிக்க வேண்டும். "என் ஏஐஎஸ்ஸைப் பார்த்துத்தான் கணக்குத் தாக்கல் செய்தேன்" என்பது இங்கே உதவாது.

தாக்கல் செய்யும் முறை

1. பணம் கைமாறுவது வங்கி வழியாகவே இருக்கட்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 269எஸ்டி பிரிவில் தடை. கணவன் மனைவிக்கும் விலக்கில்லை. தேதி, தொகை, "அன்பளிப்பாகக் கொடுக்கிறேன்" என்ற ஒரு கடிதத்தில் இருவரும் கையெழுத்திட்டு வைத்தால் போதும்.

2. வங்கியில் 15ஜிக்குப் பதிலாக வேறொரு கடிதம் கொடுக்க வேண்டும். 37பிஏ(2) விதியின்படி, இந்த வட்டி என் கணவர் வருமானத்தில் சேர்வதால் பிடித்த வரியை அவர் பான் எண்ணில் வரவு வையுங்கள் என்று, அவர் பெயர், முகவரி, பான், காரணம் ஆகியவற்றோடு மனைவி எழுதித் தர வேண்டும். சிறு கிளைகளில் இந்த விதி பலருக்குத் தெரிந்திருக்காது. கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. கணவர் ஐடிஆர்-2 படிவத்தில் தாக்கல் செய்வது நல்லது. அதில் `Schedule SPI` என்ற பகுதி இதற்காகவே இருக்கிறது: யாருடைய வருமானம், அவர் பான், உறவு, தொகை, எந்தத் தலைப்பில் சேர்ந்தது. இந்தப் பகுதி ஐடிஆர்-1இல் கிடையாது. அடுத்தவர் பெயரில் பிடித்த வரிக்கு உரிமை கோருபவர் ஐடிஆர்-1ஐப் பயன்படுத்தவே முடியாது.

4. வரி மனைவி பான் எண்ணிலேயே பிடிக்கப்பட்டிருந்தால், கணவர் தன் படிவத்தின் டிடிஎஸ் அட்டவணையில் "மற்றவர்" என்ற வகையைத் தேர்ந்து மனைவியின் பான் எண்ணைக் குறிப்பிட்டு அந்த 7,000ஐக் கோர வேண்டும். மனைவி தனியாகத் தாக்கல் செய்பவராக இருந்தால் அவர் படிவத்தில் அந்தத் தொகையை விட்டுக்கொடுத்ததாகக் காட்ட வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் வரவு கிடைக்காமல் போகும்.

5. மனைவியின் ஏஐஎஸ்ஸில் அந்த வட்டிக்கு எதிரே `Information relates to other PAN/Year` என்ற பின்னூட்டத்தைத் தேர்ந்து கணவரின் பான் எண்ணைக் கொடுக்கலாம்.

6. முன்கூட்டிய வரியை மறக்கக் கூடாது. மனைவியின் டெபாசிட்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஆசிரியருக்கு 46,800இல் 7,000 போக 39,800 பாக்கி. பாக்கி 10,000 ஆகவோ அதற்கு மேலோ இருந்தால் காலாண்டுத் தவணைகளில் கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 234பி, 234சி பிரிவுகளில் வட்டி ஏறும். இதைத் தவிர்க்க, சம்பளம் போடும் அலுவலகத்தில் இதர வருமானம் இவ்வளவு என்று முன்பே எழுதிக் கொடுத்துச் சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்லலாம்.

கணவர் கட்டாவிட்டால் துறை 65ஆவது பிரிவில் மனைவிக்கு அறிவிப்பு அனுப்பி, சேர்க்கப்பட்ட வருமானத்துக்கான வரியை அவரிடமும் வசூலிக்கலாம்.

அன்பளிப்பில் தொடங்கிய தொழில்

நம் ஊரில் டெபாசிட்டுக்கு அடுத்து அதிகம் காண்பது ஹோம்ஸ்டே. கணவர் பணம் கொடுக்க, குன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்து மனைவி நடத்துகிறார். லாபம் முழுவதும் கணவருக்குச் சேருமா? சேராது, விகிதாசாரப்படி சேரும். நிதியாண்டின் முதல் நாளில் தொழிலில் இருந்த மொத்த முதலீட்டில் அன்பளிப்பின் பங்கு எவ்வளவோ, லாபத்திலும் அந்தப் பங்கு.

ஏப்ரல் 1ஆம் தேதி முதலீடு 8 லட்சம். அதில் கணவர் கொடுத்தது 6 லட்சம், மனைவியின் சொந்தச் சேமிப்பு 2 லட்சம். ஆண்டு லாபம் 2,40,000 என்றால் முக்கால் பங்கான 1,80,000 கணவருக்குச் சேரும். 60,000 மனைவிக்கு. லாபத்தில் 2 லட்சத்தைத் தொழிலிலேயே விட்டு வைத்தால் அடுத்த ஏப்ரல் 1 அன்று முதலீடு 10 லட்சம். அன்பளிப்பு அதே 6 லட்சம்தான். பங்கு 60 சதவீதமாகக் குறைகிறது. ஏற்கெனவே நடந்துவரும் தொழிலுக்குக் கணவர் ஜூலையில் பணம் கொடுத்தால், ஏப்ரல் 1 அன்று அந்தப் பணம் அங்கே இல்லை. ஆகவே அந்த ஆண்டு அதற்குப் பங்கு இல்லை. புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு இது பொருந்தாது. தொடங்கும் நாளே அதன் முதல் நாள்.

மனைவி நன்றாகச் சமைக்கிறார், விருந்தினரை நன்றாகக் கவனிக்கிறார் என்பதால் விலக்கு கிடையாது. திறமைக்கான விலக்கு குழந்தைக்கு உண்டு. அன்பளிப்பில் தொழில் நடத்தும் துணைக்கு இல்லை.

தேயிலைத் தோட்டம் கொஞ்சம் வேறு மாதிரி. பசுந்தேயிலையாகப் பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்கும்வரை அது முழுவதும் விவசாய வருமானம். மத்திய அரசின் வருமான வரி கிடையாது. கணவர் பணத்தில் வாங்கிய தோட்டமாக இருந்தாலும் இலைக்காசுக்கு நேரடி வரி வராது. ஆனால் வரி விகிதத்தைத் தீர்மானிக்க விவசாய வருமானத்தையும் கூட்டிப் பார்க்கும் முறை இருக்கிறது. அதில் சேர்க்கப்படும் வாய்ப்பு உண்டு. இலைக்காசை டெபாசிட் போட்டால் அதன் வட்டி, வருமானத்திலிருந்து வந்த வருமானம். அது மனைவிக்கே.

எது செல்லும், எது செல்லாது

மனைவிக்குச் சொந்த வருமானம் இருக்கும் வீட்டில் மிகச் சுத்தமான வழி இதுதான்: வீட்டுச் செலவு முழுவதும் கணவர் சம்பளத்தில் நடக்கட்டும், மனைவியின் சம்பளமோ, அவர் பிறந்த வீட்டிலிருந்து வந்த தோட்டத்தின் இலைக்காசோ அப்படியே முதலீட்டுக்குப் போகட்டும். இங்கே யாரும் யாருக்கும் எதையும் மாற்றித் தரவில்லை. சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. தொழிற்சாலை இலைக்காசை வங்கிக் கணக்கில் போடுகிறது என்றால் ஆதாரமும் தானாக உருவாகிவிடுகிறது.

வரியே இல்லாத முதலீட்டில் போட்டால் சேர்த்தாலும் வரி வராது. மனைவியின் பிபிஎஃப் கணக்கில் கணவர் பணம் போட்டால் வட்டிக்கு விலக்கு. மகளின் செல்வமகள் சேமிப்பும் அப்படித்தான். ஆனால் குழந்தையின் பிபிஎஃப்புக்குத் தனி வரம்பு கிடையாது. பெற்றோரின் கணக்கும் குழந்தையின் கணக்கும் சேர்த்தே ஆண்டுக்கு ஒன்றரை லட்சம்.

வயதான தந்தைக்குக் கொடுத்து அவர் பெயரில் டெபாசிட் போட்டால் கிளப்பிங் இல்லை. ஆனால் அந்தப் பணம் நிஜமாகவே அவருடையதாகிவிடும். நாளை அவருக்குப்பின் உடன்பிறந்தவர்கள் எல்லாருக்கும் அதில் பங்கு வரும். வரியை மிச்சம் பிடிக்கப் போய்ப் பங்காளித் தகராறை விலைக்கு வாங்கிய குடும்பங்கள் இல்லாமலில்லை.

செல்லாத வழி: அண்ணன் தம்பி மனைவிக்கும், தம்பி அண்ணன் மனைவிக்கும் அதே தொகையைக் கொடுப்பது. சென்னையைச் சேர்ந்த சி.எம்.கோத்தாரி வழக்கில் 1963இலேயே உச்ச நீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. இரண்டு மாற்றங்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்றால் அது மறைமுகமாகத் தன் மனைவிக்கே கொடுத்ததுதான். தந்தைக்குக் கொடுத்து, அவர் மருமகளுக்குக் கொடுப்பதும் இதே கண்ணால் பார்க்கப்படும்.

திருமணத்துக்கு முன் கொடுத்த பணம் சேராது. கொடுக்கும்போதும் வருமானம் வரும்போதும் இருவரும் கணவன் மனைவியாக இருக்க வேண்டும் என்பது பிலிப் ஜான் பிளாஸ்கெட் தாமஸ் வழக்கில் உறுதியானது. நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் கொடுத்தாலும் இது பொருந்தும்.

முந்தைய ஆண்டுகளில் சேர்க்காமல் விட்டிருந்தால்

துறையின் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐடிஆர்-யு எனும் புதுப்பித்த கணக்கைக் கணவர் தாக்கல் செய்யலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதங்கள் வரை வாய்ப்பு உண்டு. தாமதத்துக்கு ஏற்பக் கூடுதல் வரி: வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் முதல் 12 மாதத்துக்குள் 25 சதவீதம், 24 மாதத்துக்குள் 50, 36க்குள் 60, 48க்குள் 70. அந்தந்த ஆண்டின் தள்ளுபடி வரம்பையும் பார்க்க வேண்டும். 2023-24, 2024-25 நிதியாண்டுகளில் புதிய முறையின் வரம்பு 7 லட்சம்தான், பழைய முறையில் 5 லட்சம். இப்போதைய 12 லட்சத்தை வைத்து அந்த ஆண்டுகளைக் கணக்கிட்டால் தவறாகிவிடும்.

இதில் ஒரு முடிச்சு. பல வீடுகளில் மனைவி பெயரில் தனியாகக் கணக்குத் தாக்கல் செய்து, வங்கி பிடித்த வரியை ரீஃபண்டாக வாங்கியிருப்பார்கள். அந்தத் தொகையைக் கணவர் தன் புதுப்பித்த கணக்கில் மறுபடி வரவாகக் கோர முடியாது. சேர்த்த வட்டிக்கான முழு வரியையும் அவர் கையிலிருந்தே கட்ட வேண்டியிருக்கும். தொகையைக் கணக்கிடும்போது மனைவியின் பழைய ரீஃபண்ட் விவரத்தை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.